குளம் பச்சையாவதும் மீன்கள் மூச்சுத் திணறுவதும்: ஒரு வேதியியல் கணக்கு

வயலில் போட்ட உரம் குளத்தை எப்படிப் பச்சையாக்குகிறது?

பயிருக்கு வேண்டிய அதே சத்துகள்தாம் பாசிக்கும் வேண்டும். மழைநீர் வயலிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் குளத்தில் கொண்டுவந்து சேர்க்கும்போது, அங்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் மிதந்துகொண்டிருந்த நுண்பாசிகள் சில நாள்களிலேயே பல மடங்காகப் பெருகுகின்றன. நீரின் பச்சை நிறம் அவற்றின் உடலில் உள்ள பச்சையத்தின் நிறமே ஆகும். இந்த நிகழ்வை மிகையூட்டமுறுதல் என்றும் யூட்ரோபிகேஷன் என்றும் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன.

இதில் வேதியியல் எங்கே வருகிறது என்றால், பாசியின் உடல் ஏறத்தாழ ஒரு நிலையான விகிதத்தில் கட்டப்படுகிறது என்பதில்தான். கடல் நுண்ணுயிரிகளின் உடலமைப்பை ஆராய்ந்த ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அந்த விகிதத்தின்படி, ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுக்களும் 106 கார்பன் அணுக்களும் உள்ளன. இதைச் சமன்பாடாக எழுதினால் இப்படி வரும்:

```
106 CO2 + 16 HNO3 + H3PO4 + 122 H2O
   ⇌ (CH2O)106(NH3)16(H3PO4) + 138 O2
```

இடமிருந்து வலமாகப் படித்தால் இது பாசியின் வளர்ச்சி; வலமிருந்து இடமாகப் படித்தால் அதே பாசியின் அழுகல். குளத்தின் கதை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியிருப்பதால், பின்வரும் பதில்கள் பலவும் இதனிடமே திரும்பத் திரும்ப வரும்.

கொஞ்சம் உரம் கலந்தால் என்ன ஆகிவிடப் போகிறது? குளம் அவ்வளவு பெரிதாயிற்றே?

கணக்கிட்டே பார்த்துவிடலாம். 5,000 சதுர மீட்டர் பரப்பும் சராசரியாக 2 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள நீர் 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். நீரின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் என்றால், ஒரு லிட்டர் நீர் காற்றோடு சமநிலையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ள முடியும். ஆகவே முழுக் குளத்திலும் உள்ள ஆக்சிஜன் சுமார் 75 கிலோ. இதுதான் அந்தக் குளத்தின் மொத்தக் கையிருப்பு.

இனி உரத்தின் பக்கம் வருவோம். டி.ஏ.பி. உரத்தின் பையில் 18-46-0 என்று அச்சிட்டிருப்பார்கள். நடுவில் உள்ள 46 என்பது பாஸ்பரஸின் விழுக்காடு அன்று. அது `P2O5` என்ற ஆக்சைடாகக் கணக்கிட்ட விழுக்காடு. தனிமமாக மாற்ற 0.436 ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் 20 விழுக்காடு கிடைக்கும். எனவே 50 கிலோ மூட்டை ஒன்றில் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது அரை கிலோ மட்டும் குளத்தை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மேலே தந்த சமன்பாட்டின்படி, 31 கிராம் பாஸ்பரஸைக் கொண்டு 3,550 கிராம் உலர்ந்த பாசி உருவாகும். அந்தப் பாசி முழுவதும் மட்கும்போது 138 மோல் ஆக்சிஜன், அதாவது 4,416 கிராம் செலவாகும். ஒரு கிராம் பாஸ்பரஸுக்கு என்று வகுத்தால், சுமார் 114 கிராம் பாசியும் 142 கிராம் ஆக்சிஜன் செலவும் ஆகின்றன. நம் அரை கிலோ பாஸ்பரஸ் 57 கிலோ உலர்ந்த பாசியை உருவாக்கி, அது மட்கும்போது 71 கிலோ ஆக்சிஜனைக் கேட்கும். கையிருப்போ 75 கிலோ.

ஒரே மூட்டையின் இருபதில் ஒரு பங்கு, ஒரு கோடி லிட்டர் நீரில் உள்ள ஆக்சிஜனை ஏறத்தாழத் துடைத்தெடுக்கப் போதுமானது என்பதே இதன் பொருள். அரை கிலோவை அந்த நீரில் கலந்தால் செறிவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரும். குடிநீரில் இந்த அளவு பாஸ்பேட்டை யாரும் பொருட்படுத்தவே மாட்டார்கள்; ஆனால் ஏரி ஆய்வாளர்கள் மொத்தப் பாஸ்பரஸ் சுமார் 0.035 மில்லிகிராமைத் தாண்டிய நீரையே மிகையூட்டம் பெற்றதாகக் கருதுவது வழக்கம்.

இந்தக் கணக்குக்கு வரம்புகள் உண்டு. வந்த பாஸ்பரஸ் முழுவதும் பாசியாக மாறுவதில்லை. ஒரு பகுதி சேற்றில் படியும். நன்னீர்ப் பாசிகளின் உடல் விகிதம் ரெட்ஃபீல்டு விகிதத்திலிருந்து கணிசமாக விலகுவதும் உண்டு. மேலும், 142 என்ற எண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதற்கான செலவும் சேர்ந்திருக்கிறது. அதைத் தவிர்த்தால் 109 கிராம் ஆகும். இருப்பினும் எந்தத் திசையில் திருத்தினாலும் கணக்கின் வடிவம் மாறாது: நீரின் ஆக்சிஜன் கையிருப்பு மிகச் சிறியது, பாஸ்பரஸின் பெருக்கம் மிகப் பெரியது.

யூரியாதானே அதிகமாகப் போடுகிறோம்? நைட்ரஜனை விட்டுவிட்டுப் பாஸ்பரஸை ஏன் குறை சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்வி 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஆய்வாளர்களிடையே கடும் சர்ச்சையாக இருந்தது. கார்பன்தான் காரணம் என்றும்கூடச் சிலர் வாதிட்டனர். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் பகுதியில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் இதற்கு விடை தேடினர். 226 என்ற எண் கொண்ட ஏரியின் குறுகிய நடுப்பகுதியில் ஒரு நெகிழித் திரையைக் கட்டி, அதை இரண்டு தொட்டிகளாகப் பிரித்தனர். 1973இல் ஒரு பக்கத்தில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் இடப்பட்டன. மறுபக்கத்தில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டது. பாஸ்பரஸ் சேர்த்த பக்கம் நீலப்பச்சைப் பாசியால் மூடியது. மற்றப் பக்கம் தெளிவாகவே இருந்தது. வானூர்தியிலிருந்து எடுத்த அந்த ஏரியின் படத்தைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

வேதியியல் காரணம் எளியது. கார்பன் டை ஆக்சைடு காற்றிலிருந்து நீரில் கரைந்துகொண்டே இருக்கிறது. நைட்ரஜன் வாயுவும் காற்றில் ஏராளம். அதை நேரடியாகப் பிடித்து அம்மோனியாவாக மாற்றும் திறன் அனபீனா போன்ற நீலப்பச்சைப் பாசிகளுக்கு உண்டு. பாஸ்பரஸுக்கு மட்டும் காற்றில் குறிப்பிடத்தக்க வாயு வடிவம் கிடையாது. ஆகவே அது நிலத்திலிருந்தோ சேற்றிலிருந்தோதான் வந்தாக வேண்டும். நைட்ரஜன் வரத்தை மட்டும் குறைத்தால், நைட்ரஜனைப் பிடிக்கத் தெரிந்த நீலப்பச்சைப் பாசிகளுக்குப் போட்டியாளர்கள் குறைவார்கள். நச்சு உற்பத்தி செய்யக்கூடிய இனங்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன.

இதிலிருந்து நைட்ரஜன் நிரபராதி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கழிமுகங்களிலும் கடலோரங்களிலும் பெரும்பாலும் நைட்ரஜனே வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. பாஸ்பரஸ் ஏற்கெனவே அளவுக்கு மீறித் தேங்கிவிட்ட ஆழமற்ற குளங்களிலும் புதிதாக வரும் யூரியா பாசியை மேலும் தூண்டுவது உண்டு. அம்மோனியாவின் நச்சுத்தன்மை இன்னொரு தனிச் சிக்கல். அதைப் பிறகு சொல்கிறேன்.

பாஸ்பேட் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். பிறகு எப்படிக் குளத்துக்கு வருகிறது?

மண்ணோடு சேர்ந்தே வருகிறது. நைட்ரேட் எதிர்மின்சுமை கொண்ட அயனி. எதிர்மின்சுமை கொண்ட களிமண் துகள்கள் அதைப் பிடித்துவைப்பதில்லை. ஆகவே அது நீரில் கரைந்து கீழ்நோக்கிக் கசிந்துவிடுகிறது. பாஸ்பேட்டும் எதிர்மின்சுமை கொண்டதே என்றாலும், மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடு பரப்புகளோடு நேரடி வேதிப்பிணைப்பை உண்டாக்கிக்கொள்கிறது. சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது. அதனால் அது மேல்மண்ணிலேயே தங்குகிறது.

பலத்த மழையில் முதலில் அரிக்கப்படுவது அந்த மேல்மண்தான். அதிலும் கனமான மணல் வழியிலேயே தங்கிவிட, பரப்பு அதிகமும் பாஸ்பேட் அதிகமும் கொண்ட நுண்களிமண் வெகுதூரம் மிதந்து குளத்தை அடைகிறது. ஆண்டு முழுவதும் வந்துசேரும் பாஸ்பரஸில் பெரும்பங்கு, உரமிட்ட சில நாள்களுக்குள் பெய்யும் இரண்டொரு பெருமழைகளிலேயே வந்துவிடுவது சாதாரணம். கலங்கல் நீர் வந்து சேர்ந்த உடனே குளம் பச்சையாகாது. ஒளி உள்ளே புகாததால் பாசி வளராது. சேறு படிந்து நீர் தெளியத் தொடங்கிய பிறகே பச்சை ஏறும். இந்த இடைவெளியால் பலர் மழையையும் பச்சையையும் தொடர்புபடுத்தத் தவறிவிடுகிறார்கள்.

நீரைச் சோதித்தேன். பாஸ்பேட் பூஜ்யம் என்று வந்தது. ஆனால் குளம் பச்சைப்பசேல் என்று இருக்கிறதே?

பச்சையாக இருப்பதனால்தான் பூஜ்யம் வந்தது. சோதனைப் பெட்டிகள் மாலிப்டேட் கரைசலோடு சேர்ந்து நீல நிறம் தரும் கரைந்த பாஸ்பேட்டை மட்டுமே அளக்கின்றன. குளத்துப் பாஸ்பரஸோ இப்போது பாசியின் உடலுக்குள் இருக்கிறது. பாசிகள் தேவைக்கு மேலாகவும் பாஸ்பேட்டை விழுங்கி, பாலிபாஸ்பேட் என்னும் சங்கிலிகளாகச் சேமித்துவைத்துக்கொள்ளும். பிற்பாடு வெளியே ஒன்றும் இல்லாத நிலையிலும் அந்தச் சேமிப்பைக் கொண்டே சில தலைமுறைகள் பிளந்து பெருகும்.

அளக்க வேண்டியது மொத்தப் பாஸ்பரஸ். மாதிரியை வடிகட்டாமல், பாசியோடு சேர்த்தே, அமிலமும் பெர்சல்பேட்டும் இட்டுச் சூடாக்கிச் செரித்து, எல்லா வடிவங்களையும் பாஸ்பேட்டாக மாற்றிய பிறகே நீல நிறச் சோதனையைச் செய்ய வேண்டும். வடிகட்டிய நீரைச் சோதித்துவிட்டுக் குளம் நலமாக இருக்கிறது என்று எழுதித்தரும் அறிக்கைகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். அவற்றில் எண்கள் பிழையற்றவை. அளந்த பொருள்தான் தவறு.

பாசி ஆக்சிஜனை வெளிவிடும் உயிர்தானே? பாசி கூடினால் ஆக்சிஜனும் கூட வேண்டுமே?

பகலில் கூடத்தான் செய்கிறது. அடர்ந்த பச்சைக் குளத்தின் மேற்பரப்பில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால், லிட்டருக்கு 15 மில்லிகிராமுக்கு மேலும் காணலாம். இது சமநிலை அளவைப்போல் இரு மடங்கு. கேள்வி என்னவென்றால், அந்த ஆக்சிஜன் எங்கே உண்டாகிறது, எப்போது உண்டாகிறது, எங்கே போகிறது என்பதே.

பாசி அடரும்போது ஒளி மேல் அடுக்கோடு நின்றுவிடுகிறது. அரை மீட்டருக்குக் கீழே இருட்டு. அங்கே ஆக்சிஜன் உற்பத்தி கிடையாது, செலவு மட்டுமே உண்டு. மேலே மிகையாக உள்ள ஆக்சிஜனோ, சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் காற்றுக்குத் தப்பிச் செல்கிறது. கீழ்நோக்கி அது இறங்கலாமே என்றால், அசையாத நீரில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் தாமாகப் பரவி ஒரு நாளில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். வெயிலில் சூடேறிய மேல் நீர் இலேசானது. குளிர்ந்த அடி நீர் கனமானது. காற்றும் அடிக்காவிட்டால் இரண்டும் கலப்பதே இல்லை.

சமன்பாட்டின்படி வளர்ச்சியில் கிடைக்கும் 138 ஆக்சிஜனும் அழுகலில் செலவாகும் 138 ஆக்சிஜனும் சரிசமம். ஆனால் வரவு மேற்பரப்பில், பகலில் நிகழ்ந்து காற்றுக்குப் போய்விடுகிறது. செலவு அடியிலும் இரவிலும் நிகழ்கிறது. ஏட்டில் சமன்பட்ட கணக்கு குளத்தில் சமன்படாமல் போவது இதனால்தான்.

மீன்கள் ஏன் பெரும்பாலும் விடியற்காலையில் செத்து மிதக்கின்றன?

கதிரவன் மறைந்ததும் உற்பத்தி நின்றுவிடுகிறது. பாசி, பாக்டீரியா, மீன், சேறு ஆகிய நான்கும் சுவாசிப்பதை நிறுத்துவதில்லை. அடர்ந்த குளத்தில் இவை அனைத்தும் சேர்ந்து மணிக்கு லிட்டருக்கு அரை மில்லிகிராம் செலவிடுகின்றன என்று வைத்துக்கொண்டால், 11 மணி நேர இரவில் 5.5 மில்லிகிராம் குறையும். அந்தி நேரத்தில் 11 இருந்தால் விடியலில் 5.5 இருக்கும், மீன்கள் நலமாக இருக்கும். ஆனால் பகல் முழுவதும் மேகமூட்டமாக இருந்து, அந்தியில் 6 மட்டுமே இருந்தால் விடியலில் எஞ்சுவது 0.5. பல மீன்கள் 3 மில்லிகிராமுக்குக் கீழேயே திணறத் தொடங்கும்; ஒன்றுக்குக் கீழே சில மணி நேரம் நீடித்தால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

நேற்று வரை நன்றாக இருந்த குளம் ஒரே இரவில் இப்படியாகிவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. மணிக்கு அரை மில்லிகிராம் என்ற செலவு பல நாள்களாகவே இருந்துவருகிறது. ஒரு மேகமூட்டமான பகல் வரவைக் குறைத்ததும் கையிருப்பு தீர்ந்துவிட்டது. வெப்பமும் இதில் இரண்டு வழிகளில் பகையாகிறது: 20 பாகையில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன் 30 பாகையில் 7.5 மட்டுமே கரைகிறது. சுவாசத்தின் வேகமோ அதே வெப்பத்தில் கூடுகிறது.

இதைவிடக் கொடியது பாசி மொத்தமாக மடிவது. அப்போது வரவு அடியோடு நின்று, செலவு பெருகும். பச்சை நீர் ஓரிரு நாளில் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ மாறினால், அன்றிரவே ஆபத்து என்று கொள்ளலாம்.

மீன்கள் ஆக்சிஜன் குறைவால்தான் செத்தன, நச்சால் அல்ல என்று எப்படி உறுதிசெய்வது?

முதலில் நேரத்தையும் உடலையும் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் குறைவில் மீன்கள் விடியலுக்கு முன்பே மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய மேல் நீர்ப்படலத்தில் மட்டும் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கிறது என்பதே காரணம். பெரும்பாலும் பெரிய மீன்களே முதலில் சாகின்றன. வாய் திறந்தும் செவுள்மூடிகள் விரிந்தும் கிடக்கும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடிய விரால் போன்றவை பிழைத்திருக்கும். பூச்சிக்கொல்லி கலந்திருந்தால் நேரக் கணக்கு இராது. சிறு மீன்களும் நீர்ப்பூச்சிகளும் சேர்ந்தே மடியும்.

உறுதியான விடை வேண்டுமென்றால் விங்க்ளர் முறையில் அளக்க வேண்டும். 1888இல் வெளியான இந்த முறை இன்றும் மின்னணு அளவிகளைச் சரிபார்க்கும் அளவுகோலாக இருக்கிறது. மாதிரிப் புட்டியைக் குமிழி புகாமல் நீருக்கடியிலேயே நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும், காரம் கலந்த அயோடைடையும் புட்டியின் அடியில் இறக்க வேண்டும். வெண்மையான மாங்கனீசு ஹைட்ராக்சைடு வீழ்படிவாகி, அங்குள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகும்:

```
Mn2+ + 2 OH-        → Mn(OH)2        (வெள்ளை)
2 Mn(OH)2 + O2      → 2 MnO(OH)2     (பழுப்பு)
MnO(OH)2 + 2 I- + 4 H+ → Mn2+ + I2 + 3 H2O
I2 + 2 S2O3^2-      → 2 I- + S4O6^2-
```

பிறகு அமிலம் சேர்த்ததும் பழுப்பு கரைந்து, ஆக்சிஜனுக்குச் சமமான அயோடின் விடுபடும். ஸ்டார்ச்சைச் சுட்டியாகக் கொண்டு தயோசல்பேட்டால் தரம்பார்க்க, கருநீலம் மறையும் கணமே முடிவுப்புள்ளி. தயோசல்பேட்டின் செறிவு 0.025 மோலார், மாதிரி 200 மில்லிலிட்டர் என்று எடுத்துக்கொண்டால், செலவாகும் ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜனைக் குறிக்கும். தனியாகக் கணக்கிட வேண்டியதே இல்லை.

மீன்கள் செத்த விடியலில் அடி நீரை எடுத்து முதல் இரண்டு கரைசல்களையும் சேர்த்துக் குலுக்கினால், பழுப்பு வரவே வராது. பால்போல் வெள்ளையாகக் கலங்கி, வெள்ளையாகவே அடியில் படியும். தரம்பார்க்க வேண்டிய தேவைகூட அப்போது இல்லை. நான் அதை முதன்முறை கண்டபோது, கரைசல் கெட்டுவிட்டது என்று நினைத்து, குழாய் நீரில் செய்துபார்த்தேன். அது உடனே பழுப்பாயிற்று. மாதிரியை எடுத்த இடத்திலேயே இந்த இரு கரைசல்களையும் சேர்த்துவிட வேண்டும். மூடிய புட்டியில் எடுத்துச் சென்று நண்பகலில் சோதித்தால், உள்ளே உள்ள பாசி வழியெல்லாம் வெளிச்சத்தில் ஆக்சிஜனை உண்டாக்கி, விடியலின் உண்மையை அழித்துவிடும்.

எங்கள் குளத்தில் பிற்பகலில் மீன்கள் சாகின்றன. அப்போது ஆக்சிஜன் நிறைய இருக்குமே?

அப்படியென்றால் அம்மோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் நீரின் அமிலத்தன்மை குறைந்து, பி.எச். மதிப்பு காலையில் 7.5 ஆக இருந்தது பிற்பகலில் 9.5 வரைகூட ஏறும். யூரியாவிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது:

```
NH4+ ⇌ NH3 + H+      pKa = 9.25 (25 °C)
```

மின்சுமையுள்ள அம்மோனியம் அயனி செவுளை எளிதில் கடக்காது. மின்சுமையற்ற அம்மோனியா கடக்கும், அதுவே நச்சு. பி.எச். 7.5 இல் மொத்தத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நச்சு வடிவம் இருக்கும், 9.5 இல் 64 விழுக்காடு. ஒரு துளி உரம்கூடப் புதிதாகச் சேராமல், காலையில் தீங்கற்றிருந்த நீர் பிற்பகலில் நச்சாகிவிடுகிறது. ஆகவே அம்மோனியா அளவை மட்டும் தந்து, பி.எச். மதிப்பையும் அளந்த நேரத்தையும் தராத அறிக்கையால் பயன் குறைவு.

உரம் வரும் வழியை அடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏன் இன்னும் பச்சை போகவில்லை?

பழைய பாஸ்பேட்டைச் சேறு திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. ஆக்சிஜன் உள்ளபோது சேற்றின் மேற்பரப்பில் இரும்பு, துருவின் வடிவில் இருக்கும்; அது பாஸ்பேட்டை இறுகப் பற்றிவைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் அந்த இரும்பை எலக்ட்ரான் ஏற்பியாகப் பயன்படுத்திக்கொள்கின்றன:

```
Fe(OH)3 + 3 H+ + e-  →  Fe2+ + 3 H2O
```

இரண்டாம் இணைதிற இரும்பு நீரில் கரையக்கூடியது. அது கரையும்போது அதன் பிடியிலிருந்த பாஸ்பேட்டும் விடுபடுகிறது. வழக்கமாக, ஆக்சிஜன் திரும்பியதும் இரும்பு மீண்டும் துருவாகிப் பாஸ்பேட்டைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் ஆக்சிஜனற்ற சேற்றில் சல்பேட்டும் சல்பைடாக மாறுகிறது. அது இரும்பைக் கரிய இரும்பு சல்பைடாக வீழ்த்திவிடுகிறது. அழுகிய முட்டை நாற்றத்தோடு கூடிய கறுத்த சேறு இதன் அடையாளம். இரும்பு அங்கே சிறைப்பட்ட பிறகு, பாஸ்பேட்டைப் பிடிக்க ஆள் இல்லை.

ஆக்சிஜன் குறைவு பாஸ்பேட்டை விடுவிக்கிறது, பாஸ்பேட் பாசியை வளர்க்கிறது, பாசி மட்கி ஆக்சிஜனைக் குறைக்கிறது. வெளிவரத்து நின்ற பிறகும் இந்தச் சுழல் பல ஆண்டுகள் தானாக ஓடும். எத்தனை ஆண்டுகள் என்பது சேற்றில் தேங்கியுள்ள பாஸ்பரஸின் அளவையும், நீர் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் பொறுத்தது.

மயில்துத்தம் போட்டால் பாசி செத்துவிடுமே?

செத்துவிடும், சிக்கலே அதுதான். பாசி செத்தாலும் அதன் உடலில் உள்ள பாஸ்பரஸ் குளத்திலேயே இருக்கிறது. சமன்பாடு ஒரே நாளில் வலமிருந்து இடமாக ஓடத் தொடங்கி, நம் எடுத்துக்காட்டுக் குளத்தில் 57 கிலோ பாசி 71 கிலோ ஆக்சிஜனை ஒருசேரக் கேட்கும். மீன்களைக் காப்பாற்றுவதற்காக இட்ட தாமிர சல்பேட்டே அவற்றைக் கொன்றது என்ற நிலை இப்படித்தான் ஏற்படுகிறது. காரத்தன்மை குறைந்த மென்னீரில் தாமிரம் மீன்களுக்கு நேரடியாகவும் நச்சு. சில வாரங்களில் பாசி திரும்ப வரும். தாமிரம் சேற்றிலேயே தங்கும்.

அப்படியானால் படிகாரம்? பாஸ்பேட்டை அது பிடித்துவைக்கும் என்கிறார்களே?

வேதியியல்படி இது நேர்மையான வழி. ஏனென்றால் இது பாசியைக் கொல்வதற்குப் பதிலாகப் பாஸ்பேட்டைக் கட்டிப்போடுகிறது. அலுமினியம் சல்பேட் நீரில் அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழாகி, பாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டு அடியில் படிகிறது. இரும்பைப் போலன்றி அலுமினியத்துக்கு ஒரே ஒரு ஆக்சிஜனேற்ற நிலைதான். ஆகவே ஆக்சிஜன் தீர்ந்தாலும் அது கரைந்து பாஸ்பேட்டைக் கைவிடாது.

அளவைத்தான் கவனிக்க வேண்டும். சேற்றிலிருந்து எளிதில் வெளிவரக்கூடிய பாஸ்பரஸ் 10 கிலோ என்று அளந்து கண்டதாகக் கொண்டால், அதைப் போல் பத்து மடங்கு, அதாவது 100 கிலோ அலுமினியம் வேண்டியிருக்கும். 9 விழுக்காடு அலுமினியம் கொண்ட படிகாரமாக இது சுமார் 1,100 கிலோ. நம் குளத்து நீரில் லிட்டருக்கு 110 மில்லிகிராம். ஒவ்வொரு மில்லிகிராம் படிகாரமும் ஏறத்தாழ அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்னும். மொத்தம் 55 மில்லிகிராம் போய்விடும். குளத்து நீரின் காரத்தன்மை 120 என்றால் அஞ்ச வேண்டியதில்லை. 40தான் என்றால் பி.எச். 6க்குக் கீழே சரிந்து, அலுமினியம் கரைந்த அயனியாகி மீன்களின் செவுளைப் பாதிக்கும். அப்போது தவணைகளாகப் பிரித்து இடவோ, காரத்தன்மையைக் காக்கும் சோடியம் அலுமினேட்டைச் சேர்த்து இடவோ வேண்டும். பி.எச். 9ஐத் தாண்டிய பிற்பகலில் இடுவதும் தவறு. அங்கேயும் அலுமினியம், அலுமினேட்டாகக் கரைந்துவிடும்.

புதிய சேறு வந்துகொண்டே இருந்தால் இந்தச் செலவு வீண். பழைய சேற்றின் மேல் படிந்த அலுமினியப் படலத்தின் மீது புதிய பாஸ்பேட் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

காற்றூட்டும் கருவி வைத்தால் போதாதா?

இன்றிரவு மீன்களைக் காக்க அதுவே சரியான கருவி. பகலில் ஓட்டுவதைவிட நள்ளிரவு முதல் விடியல் வரை ஓட்டுவதே பயன் தரும். ஏனெனில் ஆக்சிஜன் நீருக்குள் புகும் வேகம் பற்றாக்குறையின் அளவைப் பொறுத்தது. மிகைநிறைவுற்ற பிற்பகல் நீரை அடித்துக் கலக்கினால், உள்ளதையும் காற்றுக்கு விரட்டுவதாகவே முடியும். ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும்: பல வாரங்களாக அசையாமல் இருந்த குளத்தில் கருவியை முதன்முறை முழுவேகத்தில் அடிவரை ஓட்டக் கூடாது. அடியில் தேங்கியிருக்கும் இரண்டாம் இணைதிற இரும்பும் சல்பைடும் அம்மோனியாவும் ஒரே நேரத்தில் மேலே வந்து, மேல் நீரில் எஞ்சியிருந்த ஆக்சிஜனையும் சில மணி நேரத்தில் தின்றுவிடும். முதல் சில நாள்கள் மேல் அடுக்கை மட்டும் கலக்கி, ஒவ்வொரு விடியலிலும் அடி நீரில் விங்க்ளர் புட்டி பழுப்பாகிறதா என்று பார்த்துக்கொண்டு, படிப்படியாக ஆழத்தைக் கூட்டலாம்.